மொத்தமாகவா, பிரிவுவாரியாகவா, வேலைவாரியாகவா: எச்ஆர் எக்ஸிக்யூட்டிவ் ரெஸ்யூமில் எண்களை எங்கே வைப்பது?

எச்ஆர் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு வருகிற ரெஸ்யூம்களில் எண்ணே இல்லாத ஒன்றைப் பார்ப்பது இப்போது அபூர்வம். "செய்த வேலையை எண்ணில் காட்டு" என்கிற அறிவுரை எல்லோர் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. எத்தனை பேரை வேலைக்கு எடுத்தோம், ஓர் இடத்தை நிரப்ப எத்தனை நாள் ஆனது, எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டோம், சட்டப்படி செய்ய வேண்டிய தாக்கல்களில் எத்தனை செய்தோம் என்று கையில் நாலு வகை எண் இருக்கும். இவற்றைத் தாளில் எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் வைப்பது? இடம் மாறினால் படிப்பவர் எடுத்துக்கொள்ளும் அர்த்தமும் மாறிவிடுகிறது.

பொதுவாக மூன்று விதமாக வைக்கிறார்கள். ஒன்று, எல்லாவற்றையும் கூட்டி மேலே ஒரு பட்டையாகப் போடுவது. இரண்டு, ஆள்சேர்ப்பு, பேரோல், கம்ப்ளையன்ஸ் என்று பிரிவு பிரிவாகத் தலைப்பு போட்டு, எந்த நிறுவனத்தில் செய்தது என்பதைக் கடைசியில் ஒரு பட்டியலாக ஒதுக்கிவிடுவது. மூன்று, ஒவ்வொரு வேலையின் கீழும் அந்த வேலைக்கான எண்களை மட்டும் எழுதுவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நான் மூன்றாவது கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற இரண்டும் சரியாக வரும் இடங்களும் உண்டு.

பொதுவாகப் பேசினால் எல்லாமே சரி மாதிரித்தான் தெரியும், அதனால் ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். அவருக்கு ஐந்து வருட அனுபவம். முதல் மூன்று வருடம் சுமார் 400 பேர் வேலை செய்யும் ஒரு வாடிக்கையாளர் அழைப்பு மையத்தில். அங்கே இவரும் இன்னொருவரும் சேர்ந்து 380 பேரை எடுத்தார்கள், அதில் 210 இவர் நேரடியாக முடித்தது. விண்ணப்பம் வந்ததிலிருந்து ஆஃபரை ஏற்கும்வரை சராசரியாக 9 நாள். பேரோலுக்குத் தனி டீம் இருந்தது, இவர் அட்டெண்டன்ஸைத் தொகுத்து அனுப்பினார், அவ்வளவுதான். அடுத்த இரண்டு வருடம் 160 பேர் இருக்கும் ஒரு பொறியியல் வடிவமைப்பு நிறுவனத்தில். அங்கே 46 பேரை எடுத்தார், சராசரி 33 நாள். பேரோல் கணக்கை ஒரு வெளி நிறுவனம் போடும், உள்ளீடு கொடுப்பதும் வந்ததைச் சரிபார்ப்பதும் இவர் பொறுப்பு. மாதம் மூன்று சட்டத் தாக்கல்களும் இவர் தலையில். இப்போது 250 பேர் உள்ள ஒரு பொறியியல் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார்.

மேலே ஒரு பட்டை

முதல் வழியில் இவருடைய ரெஸ்யூமின் தலை இப்படி இருக்கும்:

> 426 நியமனங்கள் | சராசரி 12 நாளில் நியமனம் | 560 ஊழியர்களின் பேரோல் | 100% கம்ப்ளையன்ஸ்

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அரை நிமிடத்தில் புரட்டுகிறவர் கண்ணிலும் படும். ஆனால் இந்த நாலில் ஒன்றுகூட உண்மையில் நடந்ததைச் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்ல முடியாது. அதுதான் இதில் உள்ள வம்பு.

12 நாள் எங்கிருந்து வந்தது? 380 பேருக்கு 9 நாள், 46 பேருக்கு 33 நாள். பெருக்கிக் கூட்டினால் 4,938 நாள், அதை 426-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12. கணக்கில் தப்பில்லை. ஆனால் அழைப்பு மையத்திலும் 12 நாள் ஆகவில்லை, பொறியியல் நிறுவனத்திலும் 12 நாள் ஆகவில்லை. இரண்டு இடத்திலும் நடக்காத ஓர் எண் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. நேர்காணலில் எதிரே இருப்பவர் பொறியாளர்களை எடுத்துப் பழகியவராக இருந்தால் "பொறியாளரை 12 நாளில் எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்பார், இவர் "அது வந்து, முதல் கம்பெனியில..." என்று இழுப்பார், அந்த நிமிடத்திலிருந்து தாளில் இருக்கும் மற்ற மூன்று எண்களையும் அவர் நம்பப்போவதில்லை. 33 நாள் என்று நேராக எழுதியிருந்தால் அந்தப் பதவிக்கு அது மதிப்பான எண்ணாகவே இருந்திருக்கும்.

560-ம் இதே கதை. 400-ஐயும் 160-ஐயும் கூட்டியது. ஒரே மாதத்தில் 560 பேருக்குச் சம்பளம் போகிற சூழலை இவர் பார்த்ததே இல்லை, முதல் 400 பேரின் பேரோலை இவர் தொட்டதும் இல்லை. பேரோலில் தலை எண்ணிக்கை என்பது ஒரு மாதத்தின் அளவு, வேலைக்கு வேலை கூட்டிக்கொண்டே போக முடியாது. 426 மட்டும் கூட்டத் தகுந்தது, அதிலும் 170 கூட இருந்தவருடையது.

பட்டையே கூடாது என்று சொல்லவில்லை. ஒரே மாதிரி நிறுவனங்களில் ஒரே மாதிரி பதவிகளுக்கு ஆள் எடுத்தவர், எடுத்துக்காட்டாக மூன்று இடத்திலும் அழைப்பு மைய ஆட்களையே எடுத்தவர், கூட்டி எழுதினால் அர்த்தம் இருக்கிறது. அப்படி இல்லாதவர் மேலே ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று நினைத்தால், கடைசி வேலையிலிருந்து மட்டும் இரண்டு எண்ணை எடுத்து, எங்கே என்பதையும் சேர்த்து ஒரு வாக்கியமாகப் போடலாம். கட்டம், ஐகான், இரண்டு பத்தி வடிவமைப்பு இவற்றில் போடாதீர்கள். விண்ணப்பங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களில் பல, டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருப்பதைத் தவறவிடும், அல்லது இரண்டு பத்திகளையும் குறுக்கே கோத்து வாசிக்கும். அழகாக வைத்த எண் எதிர்முனைக்குப் போய்ச் சேராமலே போகலாம்.

நாள் கணக்கு, கொஞ்சம் விரிவாக

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஓர் எண் தகராறு செய்யும், அதனால் இங்கேயே முடித்துவிடுவோம். "டைம் டு ஹயர்" என்று ஒன்று, "டைம் டு ஃபில்" என்று இன்னொன்று. பலரும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஓர் இடத்துக்கு மார்ச் 3 அன்று ஒப்புதல் கிடைத்தது, கடைசியில் தேர்வானவர் மார்ச் 20 அன்று விண்ணப்பித்தார், ஏப்ரல் 11 அன்று ஆஃபரை ஏற்றார், பழைய வேலையில் நோட்டீஸ் முடித்து ஜூன் 10 அன்று வந்து சேர்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்திலிருந்து ஏற்பு வரை எண்ணினால் 22 நாள், அதுதான் வழக்கமாக டைம் டு ஹயர். ஒப்புதலிலிருந்து ஏற்பு வரை எண்ணினால் 39 நாள், அது டைம் டு ஃபில். சில நிறுவனங்கள் ஒப்புதலிலிருந்து சேரும் நாள் வரை எண்ணும், அப்போது 99. ஒரே ஆள், ஒரே பதவி, மூன்று எண். எதை எழுதினாலும் தப்பில்லை, ஆனால் எதிலிருந்து எதுவரை என்பதை இரண்டு மூன்று சொல்லில் சொல்லிவிட வேண்டும். "விண்ணப்பம் முதல் ஏற்பு வரை 33 நாள்" என்றால் சண்டையே இல்லை.

அப்புறம், சராசரியா நடு எண்ணா என்கிற கேள்வி. ஆள்சேர்ப்பில் ஒன்றிரண்டு பதவிகள் மாதக் கணக்கில் இழுக்கும். மேலாளர் நடுவில் மாறிவிடுவார், பட்ஜெட் நின்று திரும்ப வரும். ஒரு காலாண்டில் ஏழு நியமனங்கள், நாள் கணக்கு 19, 21, 22, 24, 26, 31, 123 என்று இருந்தால் சராசரி 38 ஆகிறது. ஏழில் ஆறு 31 நாளுக்குள் முடிந்திருக்கிறது, ஆனால் சராசரி அதைவிட அதிகம். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 24. குறைந்த எண்ணிக்கையில், பலதரப்பட்ட பதவிகளுக்கு ஆள் எடுப்பவர் நடு எண்ணைப் போடுவதுதான் நியாயம், "மீடியன்" என்று பக்கத்தில் குறித்துவிட்டால் போதும். நூற்றுக்கணக்கில் ஒரே பதவிக்கு எடுப்பவருக்கு இரண்டும் பெரும்பாலும் பக்கத்தில்தான் வரும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அனுபவசாலிகள் அங்கேதான் கை வைப்பார்கள். நாள் கணக்கு நிரம்பிய இடங்களுக்கு மட்டும்தான். நிரம்பாமலே கிடக்கும் பதவி இந்தச் சராசரிக்குள் வருவதே இல்லை, அதனால் கடினமான பதவிகளை ஆறு மாதமாகத் திறந்தே வைத்திருப்பவரின் எண் பார்க்க அழகாக இருக்கும். நம் ஆள் இரண்டாவது வேலையில் 46 பேரை எடுத்தார், திறந்த பதவிகள் 53 என்றால் அதையும் எழுதுவது நல்லது: "53 பதவிகளில் 46 நிரப்பப்பட்டன, 5 நிறுவனத்தால் கைவிடப்பட்டன." மீதி 2 என்ன ஆனது என்று கேட்டால் சொல்ல அவரிடம் கதை இருக்கும், அது நல்ல பேச்சாகவே போகும்.

பிரிவுவாரியாக எழுதுவது

இரண்டாவது வழியில் ஆள்சேர்ப்பு என்று ஒரு தலைப்பு, அதன் கீழே நாலு வரி, பேரோல் என்று ஒரு தலைப்பு, நாலு வரி, கம்ப்ளையன்ஸ், நாலு வரி. நிறுவனங்களின் பெயரும் தேதியும் கடைசியில்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பேரோல் மட்டுமே பார்க்கும் பதவிக்கு ஒருவர் மாற நினைக்கிறார், அவருடைய பேரோல் அனுபவம் மூன்று வேலைகளில் சிதறிக் கிடக்கிறது என்றால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டிக் காட்டலாம். பேரோல் பதவிக்கு ஆள் தேடுபவருக்கு இவர் எத்தனை பேரை நேர்காணல் செய்தார் என்பதில் அக்கறை இல்லை.

ஆனால் எக்ஸிக்யூட்டிவ் நிலையில், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கும் பதவிக்கு, இது எதிராகவே வேலை செய்கிறது. "சம்பள உள்ளீடுகளைச் சரிபார்த்தேன்" என்ற வரி 400 பேர் நிறுவனத்தில் நடந்ததா 160 பேர் நிறுவனத்தில் நடந்ததா என்று படிப்பவர் கீழே போய்த் தேட வேண்டும். யாரும் தேட மாட்டார்கள். அதோடு இந்த வடிவத்தை, வேலைகளுக்கு நடுவே இடைவெளி உள்ளவர்கள் அதை மறைக்கப் பயன்படுத்துவார்கள் என்பது எச்ஆர் ஆட்களுக்கே நன்றாகத் தெரியும். மற்றத் துறைக்காரர் இப்படி அனுப்பினால் ஒருவேளை கவனிக்காமல் விடுவார்கள், எச்ஆர்காரர் இன்னொரு எச்ஆர்காரருக்கு அனுப்பினால் முதலில் போய்ப் பார்ப்பது தேதிகளைத்தான்.

வேலைவாரியாக எழுதுவது

மூன்றாவது வழியில் ஒவ்வொரு வேலையின் கீழும் முதல் வரி சாதனையாக இருக்கக்கூடாது, அளவு வரியாக இருக்க வேண்டும். எத்தனை பேர் நிறுவனம், எச்ஆரில் எத்தனை பேர், யாருக்கு ரிப்போர்ட் செய்தீர்கள், எது உங்கள் பொறுப்பு. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வோர் எண்ணும் இந்த வரியின் மேல்தான் நிற்கிறது. 46 நியமனம் என்பது 5,000 பேர் நிறுவனத்தில் சொற்பம், 160 பேர் நிறுவனத்தில் ஒற்றை ஆளாகச் செய்தது என்றால் கணிசம்.

நம் ஆளின் அழைப்பு மைய வேலை இப்படி வரும்:

> சுமார் 400 ஊழியர்கள், ஆள்சேர்ப்பில் இருவர். மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்து 380 நியமனங்கள், இதில் நேரடியாக முடித்தவை 210. விண்ணப்பம் முதல் ஏற்பு வரை சராசரி 9 நாள். சேர்ந்தவர்களில் 90 நாளைத் தாண்டியவர்கள் 79%.
> மாதாந்திர அட்டெண்டன்ஸ், விடுப்பு விவரங்களைத் தொகுத்துப் பேரோல் குழுவுக்கு அளித்தல்.

அந்த 79% ஏன்? 400 பேர் நிறுவனத்தில் மூன்று வருடத்தில் 380 பேரை எடுத்தோம் என்றால் படிப்பவர் மனதில் வரும் முதல் கேள்வி, நிறுவனம் வளர்ந்ததா, இல்லை ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்களா என்பதுதான். அழைப்பு மையம் என்றால் பதில் அவருக்கே தெரியும். அதனால் எண்ணிக்கையும் வேகமும் மட்டும் எழுதினால், யாரைப் பிடித்தாலும் உள்ளே தள்ளியவர் என்று தோன்ற இடமிருக்கிறது. எடுத்த 380-இல் 301 பேர் மூன்று மாதம் தாண்டினார்கள் என்பது அந்தச் சந்தேகத்துக்குப் பதில். மொத்தமாக ஆள் எடுக்கும் வேலைகளில் 9 நாளைவிட எனக்கு இந்த எண்தான் பெரிது. கடைசி வரியையும் கவனியுங்கள். பேரோலை "கையாண்டேன்" என்று எழுதாமல், செய்ததை மட்டும் எழுதியிருக்கிறார்.

பேரோல் வரியை எப்படி எழுதுவது

"பேரோல் கையாண்டேன்" என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அட்டெண்டன்ஸ், ஓவர்டைம், புதியவர்கள், விலகியவர்கள், சம்பள மாற்றங்கள் ஆகிய உள்ளீடுகளைத் திரட்டுவது ஒன்று. மென்பொருளில் கணக்கை ஓட்டி, பிடித்தங்களைச் சரிபார்த்து, வங்கிக்கு அனுப்பும் கோப்பைத் தயாரிப்பது இன்னொன்று. வெளி நிறுவனம் கணக்குப் போட, அதைச் சரிபார்த்து ஒப்புதலுக்கு அனுப்புவது மூன்றாவது. எது என்று சொல்லாவிட்டால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியில் வெளியே வந்துவிடும்.

தரத்தைக் காட்ட "100% துல்லியம்" என்று எழுதுபவர்கள் அதிகம். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. அளக்க ஓர் எளிய வழி உண்டு: சம்பளம் போன பிறகு எத்தனை பேருக்குத் திருத்தம் செய்ய வேண்டி வந்தது? அடுத்த மாதம் நிலுவையாகச் சேர்த்தது, நடுவில் தனியாகப் பணம் அனுப்பியது, கூடுதலாகப் போனதைப் பிடித்தது, எல்லாம் சேர்த்து. 160 பேர் என்றால் வருடத்துக்கு 1,920 சம்பளச் சீட்டு. நம் ஆளின் முதல் வருடத்தில் 31 திருத்தங்கள், இரண்டாவது வருடத்தில் 9. சதவீதத்தில் 1.6-லிருந்து 0.5-க்குப் பக்கம். என்ன செய்து குறைந்தது என்பதுதான் அடுத்த வரி: 31-இல் பெரும்பாலானவை மேலாளர்கள் விடுப்பைத் தாமதமாக ஒப்புக்கொண்டதால் வந்தவை, உள்ளீட்டுக்கான கடைசி நாளை 25-லிருந்து 22-க்கு முன்னால் இழுத்து, 20-ஆம் தேதி நிலுவைப் பட்டியலை ஒவ்வொரு மேலாளருக்கும் அனுப்ப ஆரம்பித்தார். இது சின்ன விஷயம்தான், ஆனால் பேரோல் பார்த்தவர் மட்டும்தான் இப்படி எழுத முடியும்.

சரிபார்ப்பு என்று எழுதினால் எதை என்றும் தெரிந்திருக்க வேண்டும். போன மாதம் 158 பேருக்குச் சம்பளம் போனது, 4 பேர் சேர்ந்தார்கள், 3 பேர் போனார்கள், இந்த மாதம் 159 வர வேண்டும். வெளி நிறுவனம் அனுப்பிய பட்டியலில் 160 இருந்தால் விலகிய ஒருவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்பதுதான் முதல் சந்தேகம். தலை எண்ணிக்கை சரியான பிறகு நிகரத் தொகையை அதே மாதிரி போன மாதத்தோடு பொருத்துவது, கடைசியில் பட்டியலின் மொத்தமும் வங்கிக் கோப்பின் மொத்தமும் ஒன்றா என்று பார்ப்பது. ரெஸ்யூமில் இதற்கு அரை வரி போதும்: "மாதந்தோறும் தலை எண்ணிக்கை, நிகரத் தொகை, வங்கிக் கோப்பு ஒப்பீடு."

ஒன்றை மட்டும் எழுதவே கூடாது, நிறுவனத்தின் மொத்தச் சம்பளத் தொகை. பெரிய தொகையைக் கையாண்டேன் என்று காட்டும் ஆசையில் சிலர் போட்டுவிடுகிறார்கள். தலை எண்ணிக்கையும் சராசரிச் சம்பளத்தை ஊகிக்கும் வழியும் ஒரே தாளில் கிடைத்துவிடுகிறது. சம்பள ரகசியம் காக்க வேண்டிய பதவிக்கு விண்ணப்பிக்கிறவர், பழைய நிறுவனத்தின் சம்பளக் கணக்கை வெளியே எழுதி அனுப்புகிறார். நானாக இருந்தால் அந்தத் தாளை அதற்கு மேல் படிக்க மாட்டேன்.

கம்ப்ளையன்ஸ்: இங்கே வேகம் பேசாது

வருங்கால வைப்பு நிதி, காப்பீட்டுப் பங்களிப்பு, வரிப் பிடித்தம் என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும், கெடு தேதி மாறும், வேலையின் உருவம் ஒன்றுதான்: பிடித்தது சரியா, கட்டியது கெடுவுக்குள்ளா, தாக்கல் செய்தது பேரோல் பட்டியலோடு ஒத்துப்போகிறதா. ஆள்சேர்ப்பு மாதிரி "40% குறைத்தேன், 30% கூட்டினேன்" என்று இங்கே எழுதினால் சிரிப்புத்தான் வரும். சட்டப்படி செய்ய வேண்டியதை எப்படி 30% கூட்டுவது?

இங்கே பேசும் எண்கள் மூன்றுதான். எத்தனை தாக்கல், கெடுவுக்குள் எத்தனை, தணிக்கையில் வந்த குறிப்புகளில் எத்தனை தீர்ந்தன. நம் ஆளுக்கு மாதம் 3 என்று இரண்டு வருடத்தில் 72 தாக்கல்கள். முதல் ஆறு மாதத்தில் இரண்டு தாமதமாகப் போயின என்று வைத்துக்கொள்வோம். "100%" என்று எழுதுவதா? தாமதமாகத் தாக்கல் செய்ததற்குப் பெரும்பாலும் பதிவு இருக்கும், அபராத ரசீதும் இருக்கும், அதனால் அந்த வழி வேண்டாம். 70/72 என்று எழுதுவதா? நேர்மைதான், ஆனால் காரணத்தைச் சொல்ல அந்த வரியில் இடமில்லை. நான் இப்படி எழுதச் சொல்வேன்: "மாதம் 3 சட்டத் தாக்கல்கள், கெடு நாட்காட்டி அமைத்த பிறகு கடந்த 18 மாதங்களில் தாமதம் இல்லை." முன்னால் தாமதம் இருந்தது என்பது படிப்பவருக்குப் புரியும், சரிசெய்தவர் யார் என்பதும் புரியும்.

தணிக்கைக் குறிப்பு வந்ததை மறைக்க வேண்டியதில்லை. "உள் தணிக்கையின் 11 குறிப்புகளில் 9 இரண்டு மாதத்துக்குள் முடிக்கப்பட்டன, மீதி 2 நிர்வாக முடிவுக்கு அனுப்பப்பட்டன" என்ற வரியை ஒன்றுமே நடக்காதது போல எழுதியதைவிட அதிகம் நம்புவேன். குறிப்பே வராத தணிக்கையை நான் பார்த்ததில்லை. ஆனால் குறிப்பின் உள்ளடக்கம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, ஊழியர் புகார், இவை எதுவும் தாளில் வரக்கூடாது.

ஆக இரண்டாவது வேலை இப்படி நிற்கும்:

> சுமார் 160 ஊழியர்கள், எச்ஆர் மேலாளரின் கீழ் ஒரே எக்ஸிக்யூட்டிவ்.
> 53 பொறியியல், நிர்வாகப் பதவிகளில் 46 நிரப்பப்பட்டன, 5 கைவிடப்பட்டன. விண்ணப்பம் முதல் ஏற்பு வரை சராசரி 33 நாள், மீடியன் 27.
> வெளி நிறுவனம் கணக்கிடும் பேரோலுக்கு உள்ளீடும் மாதாந்திர ஒப்பீடும். சம்பளத்துக்குப் பிந்தைய திருத்தங்கள் வருடத்துக்கு 31-லிருந்து 9 ஆகக் குறைந்தன.
> மாதம் 3 சட்டத் தாக்கல்கள், கடந்த 18 மாதங்களில் தாமதம் இல்லை. உள் தணிக்கையின் 11 குறிப்புகளில் 9 இரண்டு மாதத்துக்குள் முடிவு.

இதைப் பட்டையோடு வைத்துப் பாருங்கள். எண்கள் சிறியவை. 426 இல்லை, 560 இல்லை. ஆனால் 250 பேர் பொறியியல் நிறுவனத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு, தன் இடத்தில் இந்த ஆள் என்ன செய்வார் என்பது இதில்தான் தெரிகிறது.

யாருக்கு எது

வேறு வேறு அளவுள்ள, வேறு வேறு வகை நிறுவனங்களில் இருந்தவர், எல்லாம் பார்க்கும் எக்ஸிக்யூட்டிவ் பதவிக்குப் போகிறார் என்றால் வேலைவாரி, யோசிக்கவே வேண்டாம். ஒரே நிறுவனத்தில் ஆறேழு வருடம் இருந்தவருக்கு வேலைவாரி என்பதே இல்லை, அவர் அந்த ஒரு வேலைக்குள் அளவு வரியைப் போட்டுவிட்டு பிரிவுவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். எந்த வருடத்து எண் என்பதை மட்டும் சொல்ல வேண்டும், ஆறு வருடத்தில் நிறுவனம் 90-லிருந்து 300 ஆகியிருக்கலாம். பேரோலுக்கு மட்டும் அல்லது கம்ப்ளையன்ஸுக்கு மட்டும் மாறுகிறவரும் பிரிவுவாரியாக எழுதலாம், ஒவ்வொரு வரியிலும் எத்தனை பேர் நிறுவனம் என்று ஒட்டவைத்தால் படிப்பவர் தேட வேண்டியிருக்காது. கூட்டுத்தொகைப் பட்டை, மொத்த ஆள்சேர்ப்பையே தொழிலாகச் செய்த ரெக்ரூட்டர்களுக்கு.

வேலைவாரியாக எழுதுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, ஒவ்வொரு வேலைக்கும் எண் வேண்டும். பழைய நிறுவனத்தை விட்டு வந்துவிட்டால் அந்த அமைப்புகளுக்குள் போக முடியாது. அதற்காக ஊழியர் பட்டியல் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளாதீர்கள், அது தனியுரிமை மீறல், எச்ஆரில் இருந்துகொண்டு அதைச் செய்தால் வேலையோடு பெயரும் போகும். ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் பெயர்களே இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளலாம்: எத்தனை பதவி திறந்தது, எத்தனை நிரம்பியது, எத்தனை நாள், எத்தனை திருத்தம், எத்தனை தாக்கல். அதையும் நிறுவன விதி அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர்கள் நினைவிலிருந்து எழுதும்போது "சுமார் 200" என்றே எழுதலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. 213 என்று துல்லியமாகப் போட்டுவிட்டு, வருடத்துக்கு எத்தனை, எந்தப் பதவிகளுக்கு என்று கேட்கும்போது கணக்கு கூடாமல் போவதுதான் சங்கடம். எழுதிய ஒவ்வோர் எண்ணிக்கையையும் அந்த வேலையில் இருந்த மாதங்களால் வகுத்து மாதத்துக்கு எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், எதிரே இருப்பவரும் மனதுக்குள் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.